மெயில் போவதற்கு முன்பே மாதிரி நேர்காணல்

முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சீனியர்களிடம் இரண்டு உதவி கேட்பார்கள். விண்ணப்ப மெயிலைப் பார்த்துத் தர வேண்டும். மாதிரி நேர்காணல் ஒன்று எடுத்துத் தர வேண்டும். மெயிலை அவசரமாக அனுப்பிவிட்டு, அழைப்பு வந்ததும் முந்தின நாள் ராத்திரி நேர்காணலுக்குப் பயிற்சி தேடி ஓடுவதுதான் வழக்கம். தம்பி தங்கைகளே, இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மெயிலிலும் ரெஸ்யூமேயிலும் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும். பதில் சொல்ல முடியாத வரி எது என்பது, அதை அனுப்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் நல்லதுதானே?

1. யாரிடம் கேட்பது என்று யோசியுங்கள். நீங்கள் போகிற அதே வேலையில் மூன்று நான்கு வருடம் இருந்தவர் போதும். புதியவர்களை நேர்காணல் செய்த பழக்கமும் இருந்தால் இன்னும் நல்லது. பெரிய பதவியில் இருக்கும் உறவினர், ஆரம்ப நிலை நேர்காணலில் இப்போது என்ன கேட்கிறார்கள் என்பதை மறந்திருக்கக்கூடும். விண்ணப்பிக்கிற நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். அவரே நேர்காணல் குழுவில் உட்கார வேண்டி வந்தால் அவருக்கு அது சங்கடம். சிபாரிசையும் இந்த உதவியையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். சிபாரிசு செய்யப் போகிற மனிதர் உங்கள் குறைகளைத் தேடித் தேடிச் சொல்ல மாட்டார்.

2. கேட்கிற செய்தியிலேயே வேலை, நேரம், கெடு மூன்றும் இருக்கட்டும். “அண்ணா, ஃப்ரீயா இருக்கீங்களா?” என்று அனுப்பினால், எதற்கு என்று தெரியாமல் அவரால் ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இப்படி எழுதுங்கள்: “வணக்கம் அண்ணா. நம்ம கல்லூரியில் புள்ளியியல் முடித்திருக்கிறேன். கோவையில் ஜூனியர் டேட்டா அனலிஸ்ட் வேலை ஒன்றுக்கு வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். செவ்வாய் அல்லது புதன் மாலை 45 நிமிடம் மாதிரி நேர்காணல் எடுத்து, மெயில் வரைவையும் பார்த்துச் சொல்ல முடியுமா? இந்த வாரம் வேலை அதிகம் என்றால் பரவாயில்லை அண்ணா, மெயிலை மட்டும் பார்த்தாலும் போதும்.” கடைசி வரி முக்கியம். முழுதாக முடியாதவர் பாதியாவது செய்து கொடுக்க அது வழி விடுகிறது.

3. அவர் சம்மதித்ததும் மூன்றை அனுப்புங்கள்: வேலை விளம்பரம், மெயில் வரைவு, ரெஸ்யூமே. விளம்பரத்தின் லிங்க்கை மட்டும் அனுப்பாமல் முழு வாசகத்தையும் எடுத்து ஒட்டுங்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டால் லிங்க்கால் பயனில்லை. விளம்பரம் கையில் இல்லாவிட்டால் அவர் எழுத்துப்பிழையைத்தான் திருத்துவார், நேர்காணலிலும் பொதுவான கேள்விகளைத்தான் கேட்பார். வரைவு கூகுள் டாக்ஸில் இருந்தால், பகிரும் இடத்தில் `Restricted` என்பதை `Anyone with the link` என்று மாற்றி, பக்கத்தில் `Commenter` என்று வையுங்கள். இல்லாவிட்டால் அவர் திறக்கும்போது அனுமதி கேட்டு நிற்கும். அவருக்கு நேரம் கிடைத்த அந்தப் பத்து நிமிடம் வீணாகும்.

4. “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். மூன்று கேள்விகளை வரைவின் மேலேயே எழுதி வையுங்கள். எந்த வேலைக்கு, ஏன் நான் என்பது முதல் மூன்று வரியில் புரிகிறதா? எந்த வரியை நம்ப முடியவில்லை? எதை வெட்டலாம்? மாற்றி எழுதித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். அவர் நடையில் மெயில் போய், நேரில் உங்கள் பேச்சு வேறு மாதிரி இருந்தால் எதிரே இருப்பவருக்கு அது உடனே தெரியும்.

5. மாதிரி நேர்காணலை நிஜம் போலவே நடத்தச் சொல்லுங்கள். முதல் 5 நிமிடம் அறிமுகம், அடுத்த 25 நிமிடம் கேள்விகள், கடைசி 15 நிமிடம் விமரிசனம் என்று பிரித்துக்கொள்ளலாம். கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வாங்காதீர்கள். நடுவில் தடுமாறினால் “அண்ணா, இதை விட்டுடலாமா?” என்று சிரித்துச் சமாளிக்கவும் வேண்டாம். அவரும் இடையில் பாடம் எடுக்க ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் கேள்வி நேரம் அதிலேயே போய்விடும். மெயிலைப் பார்த்தே கேள்வி கேட்கும்படி சொல்லிவிடுங்கள்.

6. எங்கே உடைகிறது என்பதைக் கவனியுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு பெண் தன் வரைவில் “எஸ்.க்யூ.எல்.லில் மிகுந்த தேர்ச்சி உண்டு” என்று எழுதியிருக்கிறாள். மொத்த வியாபாரி ஒருவரின் விற்பனைப் பதிவுகளை வைத்துத் திட்டப்பணி செய்தவள். “ஏப்ரலில் ஒன்றுமே வாங்காத கடைகளின் பட்டியல் வேண்டும்” என்கிறார் சீனியர். அவள் இப்படி எழுதுகிறாள்:

```sql
SELECT s.name
FROM shops s
LEFT JOIN orders o ON o.shop_id = s.id
WHERE o.month = '2025-04'
  AND o.shop_id IS NULL;
```

பட்டியல் காலியாக வருகிறது. எந்த மாதமும் வாங்காத கடைக்கு ஆர்டர் பக்கம் எல்லாமே வெற்று; மற்ற மாதங்களில் வாங்கிய கடைக்கு அங்கே வேறு மாதம் இருக்கும். வெற்றோ வேறு மாதமோ ஏப்ரலுக்குச் சமமாகாது என்பதால் `WHERE` அந்த வரிகளைத் தள்ளிவிடுகிறது. மாத நிபந்தனை `ON` பக்கம் போக வேண்டும்:

```sql
LEFT JOIN orders o
  ON o.shop_id = s.id AND o.month = '2025-04'
WHERE o.shop_id IS NULL;
```

பட்டியல் ஏன் காலி என்று அவளால் சொல்ல முடியவில்லை. இதைப் படித்துக்கொள்ள ஒரு மாலை போதும். ஆனால் “மிகுந்த தேர்ச்சி” என்ற சொல் இருக்கும்வரை இதைவிடக் கடினமான கேள்விகளை அவளே வரவழைத்துக்கொண்டிருப்பாள். திருத்திய வரி இப்படி ஆகிறது: “ஒரு மொத்த வியாபாரியின் ஆறு மாத விற்பனைப் பதிவுகளை எஸ்.க்யூ.எல்.லில் தொகுத்து, எந்தக் கடைகள் வாங்குவதை நிறுத்தின என்று மாதவாரி அறிக்கை தயாரித்தேன்.” பெருமைச் சொல் போய், செய்த வேலை வந்துவிட்டது. இதைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் அவளால் பேச முடியும். மாதிரி நேர்காணலில் இரண்டு நிமிடம் விளக்க முடியாத ஒவ்வொரு வரிக்கும் இதே வைத்தியம்தான்: படித்துத் தேறுங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள்.

7. விமரிசனத்தின்போது எதிர்வாதம் செய்யாமல் எழுதிக்கொள்ளுங்கள். “இல்லண்ணா, நான் என்ன நினைச்சேன்னா…” என்று ஆரம்பித்தால் அவர் மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. நடையைப் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் மாறும். அதில் உங்கள் விருப்பப்படி முடிவெடுங்கள். புரியவில்லை, நம்ப முடியவில்லை என்று அவர் சொன்ன இடங்களை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். திருத்தியதை மறுபடி மறுபடி அனுப்பி ஒப்புதல் கேட்காதீர்கள். நிறுவனத்தின் பெயர் சரியா, ரெஸ்யூமே இணைந்திருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. நிஜ நேர்காணல் முடிந்த அன்றே, முடிவுக்குக் காத்திராமல், அவருக்கு எழுதுங்கள். நன்றி ஒரு வரி போதும். என்னென்ன கேட்டார்கள், அவர் கேட்டதில் எது வந்தது, எதை இருவருமே எதிர்பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் ஜூனியர் ஒருவருக்கோ அவர் கேள்வி கேட்க உட்காரும்போது அந்தக் குறிப்பு உதவும்.