‘டிபெண்ட்’டுக்குப் பின்னால் என்ன வரும்? பயனுள்ள சில குறிப்புகள்

என் தங்கை மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய ஆங்கில கைடில் ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘டிபெண்ட் ஆன்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தக் குட்டிச்சொல் வரும் என மூன்று பக்கத்துக்கு ஒரு பட்டியல். கடகடவென்று ஒப்பித்துவிட்டு, அடுத்த நிமிஷமே ‘சித்தப்பாவுக்கு என் மேல் கோபம்’ என்பதை “அங்கிள் இஸ் ஆங்ரி ஆன் மீ” என்று எழுதினாள். பட்டியலில் குற்றமில்லை. அவள் எழுதும்போது கையைப் பிடித்து இழுத்தது தமிழ். அதைக் கவனித்த பிறகு நாங்கள் வீட்டில் செய்து பார்த்தவை இவை.

1. முதலில் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு நோட்டுத் தாளை நடுவில் மடித்து, ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘சமையலில் ஆர்வம்’ என்கிறோம், ஆங்கிலத்திலும் ‘இன்’. ‘பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்’ என்கிறோம். அங்கே ‘வெயிட் ஃபார்’. ‘உன்னோடு ஒத்துப்போகிறேன்’ என்றால் ‘அக்ரீ வித்’. தமிழ் உருபும் ஆங்கிலக் குட்டிச்சொல்லும் கைகோத்து வரும் இப்படிப்பட்டவை எல்லாம் இடது பக்கம். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாக வரும். கைகோக்காதவை வலது பக்கம். படிக்க வேண்டியது வலது பக்கம் மட்டும்தான்.

2. வலது பக்கத்தில் முதல் கூட்டம், நாம் குட்டிச்சொல்லை விழுங்கிவிடுபவை. பெரும்பாலும் தமிழில் ‘ஐ’ உருபு வரும் இடங்களில் இது நடக்கும். ‘பாட்டைக் கேள்’ என்பதால் ‘லிஸன் த சாங்’ என்று எழுதிவிடுகிறோம். வேண்டியது ‘லிஸன் டு’. ‘படத்தைப் பார்’ என்பது ‘லுக் அட்’. ‘காபி கேட்டாள்’ என்பதில் உருபே இல்லை, அதனால் ‘ஆஸ்க்டு காபி’ ஆகிவிடுகிறது; ‘ஆஸ்க்டு ஃபார் காபி’ என்பதுதான் சரி. ‘மழையைப் பொறுத்தது’ என்பதிலும் அதே ‘ஐ’தான். ‘டிபெண்ட்ஸ் த ரெயின்’ என்று ஓடிவிடாமல் ‘டிபெண்ட்ஸ் ஆன் த ரெயின்’ என்று நிறுத்த ஒரு படம் வேண்டும்.

அந்தப் படம் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ‘டிபெண்ட்’ என்ற சொல்லுக்குள் இருப்பது ‘தொங்கு’ என்னும் பொருள் கொண்ட லத்தீன் வினை. கழுத்தில் தொங்கும் ‘பெண்டன்ட்’டும் அதே குடும்பம். சட்டை ஆணியில் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணியைப் பிடுங்கினால் சட்டை விழும். சட்டையின் பாரம் முழுக்க ஆணியின் மேல், அதுதான் ‘ஆன்’. ‘ரிலை ஆன்’, ‘கவுன்ட் ஆன்’ என்று யாரையாவது எதையாவது நம்பிப் பாரத்தைப் போடுகிற சொற்களை அதே ஆணியில் மாட்டிவிடலாம். ‘இன்சிஸ்ட் ஆன்’ என்பதில் தொங்கவில்லை, அழுத்துகிறோம். ஆனால் பாரம் ஒன்றுதான்.

‘பிலீவ்’ மட்டும் கொஞ்சம் வம்பு. ‘அவரை நம்புகிறேன்’ என்று தமிழில் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் ‘பிலீவ் ஹிம்’ என்றால் அவர் இப்போது சொல்வது பொய்யில்லை என்று மட்டும் அர்த்தம். ‘பிலீவ் இன் ஹிம்’ என்றால் அவர் மேலேயே நம்பிக்கை. கடவுளுக்கு ‘இன்’ வருவது அதனால்தான்.

3. இரண்டாவது கூட்டம் இதற்கு நேர் எதிர், தேவையில்லாமல் ஒட்டிவிடுபவை. ‘பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ்டு அபௌட்’. ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதால் ‘என்டர்டு இன்டு த ரூம்’. ஓட்டலில் ‘ரெண்டு தோசைக்கு ஆர்டர் பண்ணு’ என்பதால் ‘ஆர்டர் ஃபார்’. மூன்றிலும் குட்டிச்சொல் வேண்டாம். டிஸ்கஸ், என்டர், ஆர்டர், ரிக்வெஸ்ட், ரீச், ஆன்ஸர் ஆகிய ஆறையும் சேர்த்து எழுதி வையுங்கள். இந்த வகைத் தவறுகளில் பல இந்த ஆறில் அடங்கிவிடும்.

இந்தத் தவறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவற்றில் பல பெயர்ச்சொல்லாகவும் வரும், அப்போது குட்டிச்சொல் நியாயமாகவே ஒட்டும். ‘எ டிஸ்கஷன் அபௌட் த ப்ரைஸ்’, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, ‘ஆன் ஆன்ஸர் டு த லெட்டர்’ எல்லாமே சரி. அதைக் காதில் கேட்டுவிட்டு வினையிலும் போட்டுவிடுகிறோம். சொல்லுக்கு முன்னால் ‘எ’, ‘த’, ‘மை’ என்று ஏதாவது நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது பெயர்ச்சொல், குட்டிச்சொல்லோடு வரும். ‘ஐ’, ‘வீ’ என்று ஆள் நின்றால் வினை, தனியாக வரும். ஒன்றை மட்டும் ஒதுக்கி வையுங்கள்: பதில் எழுதுவதில் ‘ஆன்ஸர்’ என்ற வினை தனியாகப் போகும், ‘ரிப்ளை’ என்ற வினைக்கு ‘டு’ வேண்டும்.

4. மூன்றாவது கூட்டம், வேறு குட்டிச்சொல்லைப் போட்டுவிடுபவை. இதில் உணர்ச்சிச் சொற்கள்தான் அதிகம். ‘நாய்க்குப் பயம்’, ‘மகளை நினைத்துப் பெருமை’, ‘அவள் மேல் பொறாமை’ என்று தமிழில் ஆளுக்கொரு உருபு. ஆங்கிலத்தில் அஃப்ரெய்ட், ப்ரௌட், ஜெலஸ் மூன்றுக்கும் ‘ஆஃப்’தான். பிரியத்துக்கு ‘ஃபாண்ட் ஆஃப்’, அலுப்புக்கு ‘டயர்ட் ஆஃப்’, வெட்கத்துக்கு ‘அஷேம்ட் ஆஃப்’. இப்படி ஆறு பேரையும் ‘ஆஃப்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரே கூட்டுக் குடும்பமாக நினைத்துக்கொண்டோம். தங்கை மகள் அந்த வீட்டுக்கு ஒரு கதையே கட்டினாள்: அண்ணனுக்குக் கரப்பான்பூச்சி பயம், அப்பாவுக்கு மகனைப் பற்றிப் பெருமை, அத்தைக்கு அண்ணி மேல் பொறாமை, பாட்டிக்கு முறுக்கில் பிரியம், அம்மாவுக்குப் பாத்திரம் தேய்த்து அலுப்பு, தாத்தாவுக்குத் தன் குறட்டையை நினைத்து வெட்கம். அபத்தமான கதைதான். ஆனால் அபத்தம்தான் மறக்காமல் நிற்கிறது.

கோபம் மட்டும் அந்த வீட்டில் தங்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டது. ஆளிடம் கோபம் என்றால் ‘ஆங்ரி வித்’. நடந்த விஷயத்தின் மேல் கோபம் என்றால் ‘ஆங்ரி அபௌட்’. ‘ஆங்ரி ஆன்’ என்பது எங்கேயும் இல்லை.

5. ‘அட்’ என்றால் கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் குறிபார்க்கும் காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லுக் அட், லாஃப் அட், ஷௌட் அட் எல்லாவற்றிலும் நாம் எதையோ குறிவைக்கிறோம். ‘கணக்கில் கெட்டி’ என்பதால் ‘குட் இன் மேத்ஸ்’ என்று வாயில் வரும். பேச்சில் அப்படிச் சொல்பவர்களும் உண்டு. தேர்வில் ‘குட் அட்’ என்று எழுதுவதே பத்திரம். குறி தவறாத கை என்று நினைவு வைக்கலாம். பந்தை ‘த்ரோ டு மீ’ என்றால் என்னிடம் போடு, நான் பிடிப்பேன். ‘த்ரோ அட் மீ’ என்றால் என் மண்டையைக் குறிபார்த்து எறி!

6. சொல்லின் தலையெழுத்தைப் பாருங்கள். லத்தீனிலிருந்து வந்த பல சொற்கள் பின்னால் வரப்போவதை முன்னாலேயே சொல்லிவிடும். ‘கோ’, ‘கான்’, ‘காம்’ என்று தொடங்கினால் சேர்ந்திருப்பது, பெரும்பாலும் ‘வித்’: கோஆபரேட் வித், கனெக்ட் வித், கம்ப்ளை வித். ‘எக்ஸ்’ என்று தொடங்கினால் வெளியேறுவது, ‘ஃப்ரம்’: எக்ஸெம்ப்ட் ஃப்ரம், எக்ஸ்க்ளூட் ஃப்ரம். இது சூத்திரமில்லை, ஒரு கைகாட்டி. ‘கன்ஸிஸ்ட்’டுக்கு ‘ஆஃப்’ வந்து இந்த விதியைக் கெடுக்கும். ஆபீஸில் அடிக்கடி காதில் விழும் ‘சீனியர் தேன் மீ’யையும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள். ‘தேன்’ அங்கே கசக்கும், ‘டு’தான் வேண்டும்.

7. எந்தக் குட்டிச்சொல் என்று சந்தேகம் வந்தால் கேள்வியாக்கிப் பாருங்கள். கேள்வியில் குட்டிச்சொல் கடைசியில் தனியாக நிற்கும், காதில் பளிச்சென்று விழும். ‘வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’, ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?’, ‘வாட் டஸ் இட் டிபெண்ட் ஆன்?’ என்று கேட்டுப் பழகினால், பதில் சொல்லும்போது அந்தக் கடைசிச் சொல் நாக்கில் தயாராக நிற்கும். எங்கள் வீட்டில் இதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வேலை செய்தது. அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் கேள்வி போடுவேன், அவள் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். ஒற்றைச் சொல் பதில் செல்லாது.

8. குட்டிச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேருங்கள்: ‘இன்ட்ரஸ்டட் இன் குக்கிங்’, ‘டயர்ட் ஆஃப் வாஷிங்’. சறுக்கும் இடம் ‘லுக் ஃபார்வர்ட் டு’. ‘டு’வைப் பார்த்ததும் ‘டு மீட் யூ’ என்று வந்துவிடும். அந்த ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ பொருந்துகிறது, ஆகவே அது குட்டிச்சொல், ‘மீட்டிங் யூ’தான் சரி. ‘ஐ வான்ட் டு இட்’ பொருந்தாது, அங்கே ‘மீட்’டே போதும்.

9. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று குட்டிச்சொல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்காதீர்கள், குழம்பும். ஆளோடு ‘அக்ரீ வித்’ என்பது நன்றாகப் பதிந்த பிறகு, யோசனைக்குச் சம்மதிக்கும் ‘அக்ரீ டு’. அதற்கும் ஒரு வாரம் கழித்து, எல்லோரும் கூடித் தேதி குறிக்கும் ‘அக்ரீ ஆன்’.

10. தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் அதன் பின்பக்கம் அன்றைக்கு ஒரு சோடி எழுதுங்கள். ‘டிபெண்ட் ஆன்’ என்று மொட்டையாக எழுதக் கூடாது; ‘என் காலை நேரம் பால்காரரை நம்பி இருக்கிறது’ என்பதுபோல உங்கள் வீட்டு வாக்கியம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி, குட்டிச்சொல் இருக்கும் இடத்தில் கோடு மட்டும் போடுங்கள். விடை தாளின் ஓரத்தில் தலைகீழாக. மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று எடுத்துப் பாருங்கள். மூன்று முறையும் சரியாக வந்த தாள் மளிகைக் கணக்கு எழுதப் போகலாம்.

11. கடைசியாக, பக்கத்து வீட்டுப் பெண் ஆபீஸுக்கு அனுப்ப இருந்த லீவு மெயில். “ஐ ஆம் ஸஃபரிங் பை ஃபீவர். ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ். ஐ டிஸ்கஸ்டு அபௌட் த ஃபைல் வித் மை கொலீக். ஷீ இஸ் குட் இன் அக்கவுன்ட்ஸ். ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை.”

‘காய்ச்சலால்’ என்பதன் ‘ஆல்’தான் ‘பை’ ஆகியிருக்கிறது. அவதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘ஃப்ரம்’ கிடைக்கும். ரிக்வெஸ்டுக்கு முன்னால் ‘ஐ’ நிற்கிறது, வினை, ஆகவே ‘ஃபார்’ போகட்டும். டிஸ்கஸ்ஸில் ‘அபௌட்’ போகும், ஆனால் ‘வித்’ இருக்கும், ஏனென்றால் அது தோழியோடு பேசியதைச் சொல்கிறது. ‘குட் இன்’ என்பதில் ஸ்ட்ரைக்கரை நினைத்து ‘அட்’ போட்டாள். கடைசி வாக்கியத்தில் கைவைக்கவில்லை, அங்கே தமிழே அவளைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் மெயில் போய்விட்டது, லீவும் கிடைத்தது. மறுநாள் காலையில் காய்ச்சல்தான் இல்லை!