மதிப்பீட்டை விடச் சீமெந்து ஏன் கூடுதலாக முடிகிறது?

முதன்முதலாக வீடு கட்டும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கணக்கில் 11 பை என்று போட்டிருந்தது. 20 பைக்கு மேல் போய்விட்டது. மிச்சம் எங்கே?" பெரும்பாலும் சந்தேகம் மேசன் மீதே விழும். ஆனால் பல வீடுகளில் அந்தச் சீமெந்து வளவை விட்டு வெளியே போகவில்லை. சுவரில்தான் இருக்கிறது.

இது வெறும் மனத்தாங்கலோடு முடியும் விடயமல்ல. 2012 முதல் வடக்கில் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, பயனாளிகள் தாமே கட்டும் முறையில், வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட உதவிகளில் தொகை மாறாது. சுவரில் கூடுதலாகப் போன சீமெந்தின் காசு, கதவிலோ நிலத்திலோ குறையும். ஆகவே, பைகள் எங்கே போகின்றன என்பதைப் பூச்சு வேலையை மட்டும் எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, உங்கள் வீட்டில் உள்ளும் புறமும் சேர்த்து 2,000 சதுர அடி சுவர் பூச இருக்கிறது என்று வைப்போம். பூச்சின் தடிப்பு அரை அங்குலம். கலவை ஒன்றுக்கு ஐந்து, அதாவது ஒரு பெட்டி சீமெந்துக்கு ஐந்து பெட்டி மணல்.

முதற் காரணம்: கணக்கே குறைவாகப் போடப்பட்டிருக்கலாம்

100 சதுர அடிச் சுவரில் அரை அங்குலம் பூசினால் ஏறக்குறைய 4.2 கன அடி கலவை வேண்டும். ஐந்து பங்கு மணலும் ஒரு பங்கு சீமெந்தும் சேர்ந்தால் ஆறு பங்கு. அதனால் 4.2ஐ ஆறால் வகுத்து, சீமெந்து 0.7 கன அடி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். 50 கிலோப் பை ஒன்று ஏறக்குறைய 1.25 கன அடி. இந்தக் கணக்கின்படி 2,000 சதுர அடிக்கு 11 பை போதும்.

ஆனால் உலர்ந்த ஆறு பெட்டியைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஆறு பெட்டிக் கலவை வராது. மணல் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் சீமெந்து போய் அடைந்துவிடும். 4.2 கன அடி ஈரக் கலவை வேண்டுமென்றால் ஏறக்குறைய 5.4 கன அடி உலர்ந்த பொருள் போட வேண்டும். இதைச் சேர்த்தால் சரியான மதிப்பீடு 14 அல்லது 15 பை. இந்த மூன்று நான்கு பையை யாரும் வீணாக்கவில்லை. அது முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியது.

இரண்டாவது காரணம்: பூச்சின் தடிப்பு

படத்தில் சுவர் நேர்கோடு. வளவில் அப்படியிருக்காது. கற்கள் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ, வரிசை நூலுக்குச் சற்று விலகினாலோ சுவரில் மேடும் பள்ளமும் வரும். பூச்சு தட்டையாக இருக்க வேண்டுமென்றால் மேசன் பள்ளத்தை நிரப்பியே ஆக வேண்டும். அரை அங்குலம் முக்கால் அங்குலமானால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சீமெந்தோ ஒன்றரை மடங்காகிறது. 14, 15 பையில் முடிய வேண்டிய வேலைக்கு ஏறக்குறைய 22 பை வேண்டும்.

இதைப் பூச்சுத் தொடங்குமுன்பே கண்டுபிடிக்கலாம். சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் கட்டி, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். பிதுங்கி நிற்கும் சாந்தைத் தட்டி எடுத்தாலே ஓரளவு குறையும். இதைவிட நல்லது, கல் வைக்கும் நாட்களிலேயே ஒவ்வொரு வரிசைக்கும் நூலும் தூக்குக்குண்டும் பிடிக்கச் சொல்வது. பூச்சில் மிச்சம் பிடிப்பது கல் கட்டும்போதுதான்.

அத்திவாரத்திலும் இதே கதைதான். மன்னார்த் தீவின் இளகிய மணல் நிலத்தில் கிடங்கின் ஓரம் சரிந்தால் அகலம் கூடும். கூடின அகலத்தை நிரப்புவது உங்கள் கொங்கிறீற்று.

மூன்றாவது காரணம்: ஈர மணல்

ஈரம் பட்ட மணல் உப்பி நிற்கும். மணிகளைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று நெருங்க விடாது. மாரி மாதங்களில் குவித்து வைத்த மணலில் ஐந்து பெட்டி அளந்தால், உண்மையில் நான்கு பெட்டி மணல்தான் கலவைக்குப் போகும். நீங்கள் ஒன்றுக்கு ஐந்து என்று நினைக்க, ஒன்றுக்கு நான்கு விழுகிறது. 22 பை 26 ஆகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். நேரான பக்கமுள்ள ஒரு போத்தலில் ஈர மணலை அமுக்காமல் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போடுங்கள். தண்ணீர் நிறைத்து நன்றாகக் கலக்கி, அடங்க விடுங்கள். மணல் 16 சென்ரிமீற்றருக்கு இறங்கினால், அன்று ஐந்து பெட்டிக்குப் பதிலாக ஆறேகால் பெட்டி மணல் போட வேண்டும். இறங்காவிட்டால் ஐந்தே போதும். சவளால் எண்ணிப் போடுவதைத் தவிர்த்து, பெட்டியால் அளக்கச் சொல்லுங்கள்.

11 பை 26 ஆனது இப்படித்தான். இதற்கு மேல், கரையோரக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்துபோன கலவையும், ஈரம் பட்டுக் கட்டியான பைகளும் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவே குழையுங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்கு மீண்டும் தண்ணீர் விட்டுப் பூசக்கூடாது, அது பிடிக்காது. பைகளை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். விரலால் நசுக்க உடையாத கட்டிகளை அகற்றிவிடுங்கள்.

எப்படிக் கண்காணிப்பது?

கடைசியில் வெறும் பையை எண்ணுவதால் பயனில்லை. ஒவ்வொரு பை முடிந்ததும் எவ்வளவு சுவர் பூசப்பட்டது என்று அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அரை அங்குலத் தடிப்பில், ஒன்றுக்கு ஐந்து கலவையில், ஒரு பை ஏறக்குறைய 140 சதுர அடி பூசும். 90 சதுர அடி என்றால் தடிப்பு முக்கால் அங்குலமாகியிருக்கும். 75 அளவில் நின்றால் மணலையும் சோதியுங்கள். தடிப்பும் மணலும் சரியாக இருந்தும் அளவு குறைந்தால், அப்போது பைகளின் கணக்கைக் கேட்பது நியாயம். முதல் இரண்டு பையிலேயே இது தெரிந்துவிடும். மேசனுடன் பேசவும் அதுவே நல்ல நேரம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பை கூடுகிறதே என்று ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு பத்து என்று மணலைக் கூட்டாதீர்கள். அந்தப் பூச்சைக் கை தடவினாலே மணல் உதிரும். மழைநீரும் உள்ளே இறங்கும். குறைக்க வேண்டியது தடிப்பை, கலவையில் உள்ள சீமெந்தை அல்ல. சுவர் ஏற்கனவே மிகவும் கோணலாக இருந்தால், அடுத்த கட்டப் பணத்தைச் செலவழிக்குமுன் உங்கள் பகுதித் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். வெளிச்சுவரை முதலில் பூசி, உட்சுவரைப் பிறகு பார்க்கலாமா என்று அவருடன் சேர்ந்து முடிவெடுக்கலாம்.