குரலுக்கு ஏற்ற கட்டை

“சுருதி மாதா, லயம் பிதா” என்று பெரியோர் கூறுவர். பாட்டு வகுப்பில் சேர்ந்த முதல் நாளே இதை நாம் கேட்டுவிடுகிறோம். ஆனால் எந்தச் சுருதியில் பாடுவது, அதை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவதே இல்லை. சுருதிப் பெட்டியில் எந்தக் கட்டை வைத்திருக்கிறதோ அதிலேயே பாடிவிடுகிறோம். இவ்வாண்டு எங்கள் பாட்டு வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் நாங்கள் இதைப் பற்றிக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. கற்றதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆண்டு விழாவில் எங்கள் தோழி ஒருத்தி ஒரு கீர்த்தனை பாடுவதாக ஏற்பாடு. சென்ற ஆண்டு அதே கீர்த்தனையைப் பாடிய அக்கா 6 கட்டையில் பாடினார். ஆகவே இவளும் 6 கட்டையிலேயே ஒத்திகை பார்த்தாள். பல்லவி இனிமையாக வந்தது. அனுபல்லவியும் குறையில்லை. சரணத்தில் மேல் பஞ்சமத்தைத் தொடும் இடத்தில் குரல் உடைந்தது. மூன்று நாளும் அதே இடத்தில் அப்படியே நடந்தது. நான்காம் நாள், “என் குரல் கெட்டுப்போய்விட்டது டீச்சர். வேறு யாரையாவது பாடச் சொல்லுங்கள்” என்று அழுதேவிட்டாள். “குரல் கெடவில்லையம்மா, கட்டைதான் உனக்கு ஒத்துவரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்மோனியத்தின் பக்கத்தில் வந்து உட்கார்” என்றார் ஆசிரியை.

கட்டை என்றால் என்ன?

ஆர்மோனியத்தில் உள்ள வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணுகிறோம். நாம் எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொள்கிறோமோ, அதுவே நம் சுருதி. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கட்டைகள். 1½, 2½, 4½, 5½, 6½ என்று அவற்றைச் சொல்லுவோம். 3-க்கும் 4-க்கும் இடையில் கறுப்புக் கட்டை கிடையாது. பொதுவாக ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். ஆனால் ‘ஒட்டி’ என்பதுதான் முக்கியம். ஒருத்திக்கு 4½ பொருந்தும், இன்னொருத்திக்கு 6 பொருந்தும். உயர்ந்த கட்டையில் பாடுவது திறமை என்றும் தாழ்ந்த கட்டையில் பாடுவது குறை என்றும் எண்ணுவது தவறு. காலுக்குச் செருப்பு எடுப்பது போலத்தான் இதுவும்.

இரண்டு எல்லைகள்

கருநாடக இசையில் ஒரு பாடகி கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை, அதாவது இரண்டு ஸ்தாயி அளவு, பாட வேண்டியிருக்கும். எனவே கட்டையைத் தேர்ந்தெடுக்க ஸட்ஜத்தை மட்டும் பாடிப் பார்த்தால் போதாது. நடு ஸ்தாயியில் எந்தக் கட்டையும் சுகமாகத்தான் இருக்கும். குரலின் இரண்டு எல்லைகளையும் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் எங்கள் தோழியைப் பத்து நிமிடம் நடு ஸ்தாயியில் சரளி வரிசை பாடச் சொன்னார் ஆசிரியை. தூங்கி எழுந்தவுடனும், சளி பிடித்திருக்கும்போதும் சோதித்தால் கணக்குத் தவறிவிடும் என்றார். பிறகு ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கி அகாரம் பாட வைத்தார். நாங்கள் மூன்றாவது வரிசை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். 2 கட்டை வரை குரல் தெளிவாக வந்தது. அதற்கு அடுத்து 1½ கட்டையில் வெறும் மூச்சுக் காற்றுதான் கேட்டது. ஆகவே அவளுடைய கீழ் எல்லை 2 கட்டை.

அடுத்து மேலே ஏறினாள். இரண்டு ஸ்தாயி மேலே உள்ள 2 கட்டையை நான்கு எண்ணிக்கை வரை நிறுத்திப் பாட அவளால் முடிந்தது. 2½ கட்டையில் மோவாய் தானாக மேலே தூக்கிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. 3 கட்டையில் குரல் உடைந்து கள்ளக்குரலாக மெலிந்தது. ஆகவே மேல் எல்லையும் 2 கட்டைதான்.

இப்போது கணக்கு எளிது. 5 கட்டையை ஸட்ஜமாக வைத்தால் அதன் பஞ்சமம் 2 கட்டையில் விழும். கீழ்ப் பஞ்சமம், மேல் பஞ்சமம் இரண்டும் அவளுடைய எல்லைக்குள் அடங்கிவிடும். 6 கட்டையில் பஞ்சமம் 3 கட்டையில் விழும். மூன்று நாளும் குரல் உடைந்தது அங்கேதான்! 5½ வைத்தால் மேல் பஞ்சமம் 2½ ஆகும், கழுத்து இறுகும். 4½ வைத்தால் கீழ்ப் பஞ்சமம் 1½ ஆகும், அது சபைக்குக் கேட்காது. எனவே அவளுக்குரிய கட்டை 5 என்று முடிவாயிற்று. அன்றே அதே சரணத்தை 5 கட்டையில் பாடினாள். குரல் உடையவில்லை. எங்களைவிட அவளுக்குத்தான் ஆச்சரியம்.

ஒரு நாள் சோதனையோடு நிறுத்திவிடாமல், வேறு இரண்டு நாட்களிலும் ஆசிரியை பார்த்தார். நம் வயதில் பெண்களின் குரலும் சற்று இறங்குவதுண்டு. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தம்பூரா சேர்த்தல்

பாடகி கட்டையை மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அப்போதுதான் பாதி வேலை முடிந்திருந்தது.

தம்பூராவுக்கு நான்கு தந்திகள். மீட்டும் வரிசையில் அவை பஞ்சமம், இரண்டு ஸட்ஜம், கடைசியில் கீழ் ஸட்ஜம். முதலில் பிரடையைத் திருகிச் சுருதியின் அருகே கொண்டுவர வேண்டும். மீதியுள்ள மிகச் சிறிய வித்தியாசத்தைத் தந்தியில் கோத்திருக்கும் மணியை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். சேர்ந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்து கேட்கும்போது, ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். 5 கட்டை ஸட்ஜத்துக்கு நொடிக்கு 196 அதிர்வுகள். தந்தி 198 அதிர்ந்தால் நொடிக்கு இரண்டு அலைகள் கேட்கும். சுருதி நெருங்க நெருங்க அலை மெதுவாகும். முழுவதும் சேர்ந்ததும் அலை நின்றுவிடும். பௌதிகப் பாடத்தில் படித்த ‘விம்மல்’ இதுதான் என்று அப்போது எங்களுக்குப் புரிந்தது. இப்போது மின்சாரச் சுருதிப் பெட்டியும் செல்பேசித் தம்பூராவும் வந்துவிட்டன. ஆனாலும் அலை நிற்கிறதா என்று கேட்க நம் காதுதான் வேண்டும்.

வயலின்

நம் இசையில் வயலின் தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று கட்டுகிறார்கள். மேல்நாட்டுக் கட்டில் அதே தந்திகள் ஜி, டி, ஏ, இ என்று இருக்கும். ஜி என்பது நம் 5 கட்டை, டி என்பது 2 கட்டை. ஆகவே 5 கட்டைப் பாடகிக்கு முதல் இரண்டு தந்திகள் தம் இயல்பான நிலையிலேயே இருக்கலாம். மற்ற இரண்டையும் ஒரு முழுக் கட்டை இறக்கினால் போதும். எங்களுக்கு வாசித்த அக்கா 6 கட்டைக்கு வைத்திருந்த வயலினைச் சிறிது நேரத்தில் 5 கட்டைக்கு இறக்கிவிட்டார். ஆனால் சுருதி மாற்றிய தந்தி உடனே நிலைக்காது. மெல்ல மெல்ல நகரும். அதனால் முதல் பாட்டுக்குப் பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். மேடையில் பாட்டுக்கு இடையே பிரடையைத் தொடும் வயலின் வித்துவானைப் பார்த்து இனி நாம் பொறுமை இழக்க வேண்டியதில்லை!

மிருதங்கம்

எங்களுக்கு உண்மையான சிக்கல் மிருதங்கத்தில் வந்தது. மிருதங்கத்தின் வலந்தலை பாடகியின் ஸட்ஜத்தில் ஒலிக்க வேண்டும். விளிம்பைக் கல்லாலும் சிறு மரக்கட்டையாலும் மேலிருந்து தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் தளர்ந்து இறங்கும். ஓரிடத்தில் மட்டும் தட்டினால் போதாது. சுற்றிலும் ஒவ்வோர் இடமாகத் தட்டி, எங்கே மீட்டினாலும் ஒரே ஒலி வரும்வரை சரிசெய்ய வேண்டும்.

ஆனால் இதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை அளவு ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் தோல் தளர்ந்து நாதம் செத்துவிடும். மிகவும் ஏற்றினால் தோலோ வாரோ அறுந்துவிடக்கூடும். அதனால்தான் வித்துவான்கள் வெவ்வேறு மிருதங்கங்கள் வைத்திருக்கிறார்கள். பெண் குரலுக்கு நீளம் குறைந்த மிருதங்கம், சுமார் 22 அங்குலம். தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு நீளம் கூடியது, சுமார் 24 அங்குலம். கடத்தின் சுருதியோ சுட்டபோதே அமைந்துவிடுகிறது. ஆகவே கட்டைக்கு ஏற்ற கடத்தையே தேடி எடுத்து வர வேண்டும்.

எங்களுக்கு வாசிக்க வந்த மிருதங்க மாஸ்டர் சிறிது நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, “இது 6 கட்டை மிருதங்கம் பாப்பா. 5½ வரை இறங்கும். 5-க்கு இறக்கினால் தகரம் தட்டினாற்போல் இருக்கும். விழாவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே, வீட்டிலிருந்து வேறு ஒன்று கொண்டுவருகிறேன்” என்றார். அந்த நான்கு நாட்கள்தாம் எங்களைக் காப்பாற்றின. விழாவன்று மாலை இதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று, எங்கள் தோழி 5½ கட்டையில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடியிருக்க வேண்டும். அல்லது மிருதங்கம் ஒரு சுருதியிலும் பாட்டு ஒரு சுருதியிலும் நின்றிருக்கும்.

விழாவன்று

திரை விலகுவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லோரும் மேடையில் அமர்ந்தார்கள். முதலில் தம்பூரா, அதைக் கேட்டு வயலின், கடைசியில் மிருதங்கம் என்ற முறையில் சுருதி சேர்த்தார்கள். பகலில் மழை பெய்திருந்தது. தோல் ஈரத்தை வாங்கிக்கொண்டதால் வலந்தலை சற்று இறங்கியிருந்தது. மாஸ்டர் நாலைந்து தட்டுத் தட்டி அதை ஏற்றினார். பாடகி ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் மூன்றையும் நிறுத்திப் பாடினாள். ஒலி அலை இல்லாமல் நின்றது. பிறகுதான் திரை விலகியது.

சரணத்தில் அந்த மேல் பஞ்சமம் வந்தபோது தம்பூரா மீட்டிய எங்கள் கைதான் நடுங்கியது. அவள் மோவாயைத் தூக்காமலே அதைப் பாடிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டாள்.

ஆகவே தோழியரே, அடுத்த ஆண்டு மேடையேறப் போகும் தங்கைகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். அக்கா பாடிய கட்டையைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் கீழ்ப் பஞ்சமத்தையும் மேல் பஞ்சமத்தையும் பாடிப் பார்த்து உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த அன்றே அதை ஒரு தாளில் எழுதிப் பக்கவாத்தியக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள்.