ஒழுங்குற்ற ஒளி

நுழையும்முன்

தேன்கனிக்கோட்டையை அடுத்த ஓசூர், இயந்திரத் தொழில்கள் நிறைந்த நகரம். இத்தகைய தொழில் நகரங்களின் தகடு வெட்டும் கூடங்களில் ரம்பமோ கத்தியோ தொடாமலே எஃகுத் தகடு அறுபடுகிறது. அறுப்பது ஒளி. அவ்வொளிக்கற்றையின் திறன் 1000 வாட் எனக் கொள்வோம். அதே 1000 வாட் திறனுள்ள இழை விளக்கொன்றைத் தகட்டின் அருகே வைத்தால் தகடு சூடேறுமேயன்றி வெட்டுப்படாது. திறன் ஒன்றாக இருக்க, விளைவு வேறாவது ஏன்? இவ்வினாவின் விடையே லேசர் என்னும் சீரொளியின் இயல்பை விளக்கும்.

விளக்கின் ஒளி

இழை விளக்கில் மின்னோட்டம் டங்ஸ்டன் இழையை ஏறத்தாழ 2400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. வெப்பத்தால் இழையின் அணுக்கள் கூடுதல் ஆற்றல் பெற்றுக் கிளர்வு நிலைக்குச் செல்கின்றன. பின்னர் ஆற்றல் குறைந்த நிலைக்குத் திரும்பும்போது அந்த ஆற்றலை ஒளித்துகளாக வெளியிடுகின்றன. எந்த அணு எப்போது ஒளித்துகளை வெளியிடும், அது எத்திசையில் செல்லும் என்பதற்கு ஒழுங்கு இல்லை. இதனைத் தன்னிச்சை உமிழ்வு என்பர்.

எனவே விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. பல நிறங்களின் கலவையாக இருக்கிறது. அதன் அலைகளின் முகடுகளும் அகடுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கில் சூடான இழை இல்லை. எனினும் அதன் ஒளியும் தன்னிச்சை உமிழ்வால் பிறப்பதே.

தூண்டப்பட்ட உமிழ்வு

ஒளி பிறப்பதற்கு மற்றொரு வழியும் உண்டு என்பதை ஐன்ஸ்டைன் 1917இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். கிளர்வு நிலையில் உள்ள அணுவின் மீது, அது வெளியிடவிருக்கும் ஆற்றலுக்கு இணையான ஆற்றலுள்ள ஒளித்துகள் ஒன்று படுவதாகக் கொள்வோம். அப்போது அந்த அணு தூண்டப்பெற்றுத் தன் ஒளித்துகளை வெளியிடும். புதிய துகள், தூண்டிய துகளின் நிறத்தையும் திசையையும் அலைக்கட்டத்தையும் அவ்வாறே பெற்றிருக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

ஆயினும் இப்பெருக்கம் எளிதில் நிகழ்வதன்று. இயல்பாக எப்பொருளிலும் அடிநிலை அணுக்களே மிகுதி. அவை தம்மீது படும் ஒளித்துகளை விழுங்கிவிடும். ஆகவே, வெளியிலிருந்து ஆற்றல் அளித்து, கிளர்வு நிலை அணுக்களின் எண்ணிக்கையை அடிநிலை அணுக்களினும் மிகுதியாக்க வேண்டும். அதன்பின் அப்பொருளை எதிரெதிராக அமைந்த இரு ஆடிகளுக்கிடையே வைக்க வேண்டும். ஆடிகளுக்கு நேராகச் செல்லும் ஒளி மட்டும் மீண்டும் மீண்டும் திரும்பி வந்து பெருகும். பக்கவாட்டில் செல்லும் ஒளி பெருக்கம் பெறாமலே வெளியேறிவிடும். ஆடிகளுள் ஒன்று ஒளியின் ஒரு பகுதியை வெளியே விடும். அப்பகுதியே லேசர் கற்றை.

அமெரிக்காவின் தியோடர் மைமன், 1960 மே 16 அன்று முதல் லேசரை இயக்கினார். அவர் செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றைச் சுற்றிப் பளிச்சிடும் விளக்கை அமைத்து, அதன் ஒளியால் தண்டின் அணுக்களைக் கிளர்வுறச் செய்தார். விளக்கின் ஒழுங்கற்ற ஒளி உள்ளே சென்று, ஒழுங்குற்ற செந்நிற ஒளியாக வெளிவந்தது. மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964இல் கார்பன் டைஆக்சைடு லேசரை உருவாக்கினார். தகடு வெட்டும் தொழிலில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது இவ்வகையே. இப்போது இட்டெர்பியம் அணுக்கள் கலந்த கண்ணாடி இழையில் ஒளியைப் பெருக்கும் இழை லேசர்கள் அவ்விடத்தைப் பெற்று வருகின்றன.

ஒரு கணக்கு

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். லேசர் கற்றையின் அலைகள் ஏறத்தாழ ஒரே திசையில் செல்வதால், வில்லை ஒன்றினால் அக்கற்றை முழுவதையும் மிகச் சிறிய புள்ளியில் குவிக்கலாம். புள்ளியின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் எனில், அதன் பரப்பு 0.00785 சதுர மில்லிமீட்டர். 1000 வாட் திறனை இப்பரப்பால் வகுத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,27,000 வாட் கிடைக்கும். இச்செறிவில் எஃகு நொடியின் சிறு பகுதிக்குள் உருகுகிறது. உருகிய உலோகத்தை உடன் பாய்ச்சப்படும் வளிமம் கீழே தள்ளிவிடுகிறது.

விளக்கின் ஒளியையும் அவ்வாறு குவிக்க இயலாதா? இயலாது. எல்லாத் திசைகளிலும் சிதறும் ஒளியில் ஒரு பகுதியை மட்டுமே வில்லை ஏற்கும். அதுவும் புள்ளியாகக் குவியாமல் இழையின் பிம்பமாகவே விழும். காற்றில் வில்லைகளை எவ்வாறு அமைத்தாலும், பிம்பத்தின் செறிவு ஒளிமூலத்தின் பரப்பில் உள்ள செறிவை மிஞ்சாது. இழையின் வெப்பநிலையில் அச்செறிவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 வாட்டுக்கு மேற்படுவதில்லை. லேசரின் செறிவோ அதனினும் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல்.

லேசர் புதிய ஆற்றலைப் படைப்பதில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். தனக்கு அளிக்கப்படும் மின்னாற்றலில் ஒரு பகுதியையே அது ஒளியாக மாற்றுகிறது. தேர் வடத்தைப் பலர் பல திசைகளில் இழுத்தால் தேர் நகராது. அவர்களே ஒரே திசையில் ஒருசேர இழுத்தால் தேர் நகரும். ஆட்களின் வலிமை கூடவில்லை, ஒழுங்கே கூடியது.

விளிம்பு கூறும் செய்தி

இவ்வொழுங்கு குலைந்தால் வேலையும் குலையும். குவியம் சற்று விலகிப் புள்ளியின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் ஆனால், பரப்பு நான்கு மடங்காகிச் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். கற்றையின் திறன் மாறாதபோதும் வெட்டு அகலும். தகட்டின் அடிவிளிம்பில் உருகிய உலோகம் பிசிறாக ஒட்டிக்கொள்ளும். வில்லையைக் காக்கும் கண்ணாடியில் படியும் மாசும் இத்தகைய குறையை விளைவிக்கும். ஆகவே பிசிறு தோன்றினால், அனுபவமுள்ள பணியாளர் திறனைக் கூட்டுமுன் குவியத்தையும் கண்ணாடியையும் பார்ப்பார்.

வெட்டும் திறனைத் தரும் அதே பண்பு கண்ணுக்குப் பகையாகிறது. இழை லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 1.07 மைக்ரோமீட்டர், இது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. புலப்படாததால் இமை தானே மூடிக் கண்ணைக் காப்பதில்லை. விழிவில்லை அக்கற்றையை விழித்திரையில் சிறு புள்ளியாகக் குவித்துவிடும். பளபளப்பான உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் சிறு பகுதியும் நிலையான பார்வையிழப்பைத் தரக்கூடும். இதனாலேயே வெட்டுமிடம் மூடப்பட்டுள்ளது. கதவு திறந்தால் கற்றை தானே நிற்கும்படி இயந்திரம் அமைக்கப்படுகிறது. அதன் பார்வைச் சாளரத்தில் பொருத்தப்படுவது அந்த அலைநீளத்தைத் தடுக்கும் தனிவகைத் தடுப்பு. விரிசல் கண்ட சாளரத்தில் சாதாரணக் கண்ணாடியைப் பொருத்தினால் காட்சி தெளிவாகவே தெரியும். ஆனால் காப்பு இராது.

கற்பவை கற்றபின்...

1. 500 வாட் லேசர் கற்றை 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் குவிகிறது. அதன் செறிவைக் கணக்கிட்டு, பாடத்தில் உள்ள 1000 வாட் கற்றையின் செறிவோடு ஒப்பிடுக.

2. கிளர்வு நிலை அணுக்களினும் அடிநிலை அணுக்கள் மிகுதியாக இருந்தால் லேசர் ஒளி ஏன் பெருகாது? விளக்குக.