சீசன் நேரத்தில் பெற்றோரிடம் பேச நேரம் கேட்பது எப்படி? ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"உங்களிடம் பேச வேண்டும்" என்று மட்டும் ஆசிரியரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தால், பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்றுதான் எந்தத் தகப்பனும் பதறுவார். குற்றாலம் ஐந்தருவி பக்கம் பழக்கடை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். மகள் மூன்றாம் வகுப்பு. சொற்களைத் தனித்தனியாக வாசிக்கிறாள், வாக்கியமாக வந்தால் நின்றுவிடுகிறாள்.

1. முதலில் அவருடைய நாளைப் பாருங்கள்

நமக்கு ஞாயிறு வசதி. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரல் அடிக்கும் குற்றாலத்தில் சனி, ஞாயிறுதான் கூட்டம் நெரியும். ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்றுத் தீர வேண்டிய நாளில் அவரால் காதுகொடுத்துக் கேட்க முடியாது. செவ்வாய், புதன் இரவு நேரத்தைக் கேளுங்கள். பீடி சுற்றும் தாயென்றால், கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு வரும் நேரத்தை விசாரித்துவிட்டு எழுதுங்கள். அப்பா சவூதியில் இருந்தால் நம் இரவு 8 மணி அங்கே மாலை 5.30.

2. பிள்ளையின் காதிலும் விழும் என்று நினைத்து எழுதுங்கள்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போன் பெரும்பாலும் வீட்டில் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வந்த செய்தியை அக்காவோ அண்ணனோ அந்தப் பிள்ளையின் முன்னாலேயே சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். அதனால் 'வீக்', 'பின்தங்கி' போன்ற சொற்கள் வேண்டாம். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளையும் செய்தியில் எழுதாதீர்கள். அவை அந்தப் பிள்ளைக்கு எதிலிருந்து கற்பிக்க வேண்டும் என்று நமக்குக் காட்டுபவை; வீட்டில் அவற்றை ரேங்க் என்றே எடுத்துக்கொள்வார்கள். போனில் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம்.

3. செய்தி

திரையில் முதல் வரிதான் முந்தித் தெரியும். ஆறுதல் அங்கேயே இருக்கட்டும்.

"வணக்கம் அண்ணாச்சி. பாப்பா நல்லா இருக்கா, அவசரம் ஒண்ணுமில்ல. நான் அவளோட கிளாஸ் டீச்சர். சொற்களை இப்போ தானாவே வாசிக்கிறா. அடுத்து வாக்கியமா வாசிக்க வீட்டுல என்ன செய்யலாம்னு உங்ககிட்ட பத்து நிமிஷம் பேசணும். செவ்வாய் அல்லது புதன் ராத்திரி 8 மணிக்கு நானே கூப்பிடட்டுமா? வேற நேரம் வசதின்னா சொல்லுங்க. அம்மா பேசினாலும் சரிதான்."

இதைத் தனியாக அனுப்புங்கள். வகுப்புக் குழுவில் போட்டால் மற்ற வீடுகளிலும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு இதையே குரல் பதிவாக அனுப்பலாம்.

4. பதில் வராவிட்டால்

நீலக் குறி விழுந்தும் பதில் இல்லையென்றால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் ஆள் நின்றிருக்கும், அல்லது என்ன சொல்வது என்ற தயக்கம். இரண்டு நாள் விட்டு, "இந்த வாரம் வேலை அதிகமா இருக்கும். அடுத்த செவ்வாய் ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடட்டுமா? 'சரி'ன்னு மட்டும் அனுப்பினா போதும்" என்று எழுதுங்கள். நேரம் குறித்துவிட்டால் அந்த நிமிடத்தில் கூப்பிட்டுவிடுங்கள். அவர் கடையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.