சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 5: செய்முறைத் தேர்வில் புள்ளிகள் எங்கே கிடைக்கின்றன?

மாணவர்களே, வேதியியல் செய்முறைத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும், "உனக்கு என்ன அயனி வந்தது?" என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறீர்கள். திருத்துபவரின் கையில் இருக்கும் புள்ளித் திட்டத்தில் அந்த அயனியின் பெயருக்கு உரியது பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளிதான். மற்றவை எங்கே போகின்றன என்பதை ஒரு பயிற்சிக் கேள்வியின் வழி பார்ப்போம்.

கேள்வி இதுதான்: நிறமற்ற X கரைசலில் துத்தநாக அயனி அல்லது அலுமினிய அயனி உள்ளது. எது என்று கண்டறிய ஒரு சோதனையைத் திட்டமிட்டு, செய்து, முடிவு கூறுக. (8 புள்ளிகள்)

செய்முறைக்கு 3, உற்றுநோக்கலுக்கு 3, முடிவுக்கு 2 என்று பிரித்துக்கொள்வோம்.

செய்முறை (3 புள்ளிகள்)

முதல் புள்ளி, சரியான வினைபொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்தால் இரு அயனிகளுமே வெள்ளை வீழ்படிவு தரும். மிகையளவில் இரண்டுமே கரைந்துவிடும். அதனால் அது இங்கே உதவாது. அமோனியா நீர்க்கரைசலில்தான் வேறுபாடு தெரியும். துத்தநாகத்தின் வீழ்படிவு மிகையளவு அமோனியாவில் கரையும்; அலுமினியத்தின் வீழ்படிவு கரையாது.

இரண்டாவது புள்ளி, "துளித்துளியாகச் சேர்த்துக் குலுக்குக" என்று எழுதுவதற்கு. அமோனியாவை ஒரேயடியாக ஊற்றினால் துத்தநாகத்தின் வீழ்படிவு தோன்றிய வேகத்திலேயே கரைந்துவிடலாம். அப்போது நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது, "மிகையளவு ஆகும்வரை தொடர்ந்து சேர்க்கவும்" என்பதற்கு.

உற்றுநோக்கல் (3 புள்ளிகள்)

X துத்தநாகக் கரைசல் என்றால் எழுத வேண்டியது: "வெள்ளை வீழ்படிவு உண்டாகிறது. மிகையளவில் அது கரைந்து நிறமற்ற கரைசல் ஆகிறது." இதில் வெள்ளை வீழ்படிவுக்கு 1, மிகையளவில் கரைவதற்கு 1, நிறமற்ற கரைசலுக்கு 1.

"நிறமற்ற" என்ற இடத்தில் "தெளிவான" என்று எழுதினால் அந்தப் புள்ளி போய்விடும். செம்பு சல்பேட்டுக் கரைசலும் தெளிவானதுதான், ஆனால் அதன் நிறம் நீலம். தெளிவு என்பது நிறத்தைக் குறிக்காது. அதுபோல, "கரைசல் பால்போல் ஆனது" என்று எழுதுவதும் போதாது. திண்மம் உண்டானதைச் சொல்லும் சொல் "வீழ்படிவு".

முடிவு (2 புள்ளிகள்)

"துத்தநாக அயனி" என்பதற்கு 1. "ஏனெனில் வெள்ளை வீழ்படிவு மிகையளவு அமோனியாவில் கரைந்தது" என்ற காரணத்திற்கு 1. காரணம் நீங்கள் பதிவு செய்த உற்றுநோக்கலோடு பொருந்த வேண்டும்.

இரண்டு விடைகளைத் திருத்துவோம்

முதல் மாணவர் எழுதியது: "அமோனியா சேர்த்தேன். வீழ்படிவு வந்து மறைந்தது. துத்தநாகம்." அமோனியாவைத் தேர்ந்ததற்கு 1. துளித்துளியாக என்பதும் இல்லை, மிகையளவு என்பதும் இல்லை. வீழ்படிவின் நிறமும் கரைசலின் நிறமும் இல்லை. அயனிக்கு 1, காரணம் இல்லை. மொத்தம் 2.

இரண்டாம் மாணவர் செய்முறையை முழுமையாக எழுதினார்: 3 புள்ளிகள். ஆனால் சோதனைக் குழாயில் பாதி அளவுக்கு X கரைசலை எடுத்துவிட்டார். குழாய் நிரம்பும்வரை அமோனியா சேர்த்தும் மிகையளவை எட்டவில்லை. வீழ்படிவு அப்படியே நின்றது. "வெள்ளை வீழ்படிவு, மிகையளவில் கரையவில்லை" என்று எழுதினார்: 1 புள்ளி. "அலுமினியம், ஏனெனில் வீழ்படிவு கரையவில்லை" என்று முடித்தார். அயனி தவறு. ஆனால் நம் திட்டத்தில், காரணம் அவருடைய பதிவோடு பொருந்துவதால் 1. மொத்தம் 5.

இந்த இரண்டாம் மாணவர் 8 புள்ளிகளையும் பெற்றிருக்கலாம். X கரைசலைக் குழாயில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு மட்டும் எடுத்திருந்தால், மிகையளவு சேர்க்க இடம் இருந்திருக்கும். குழாய் நிரம்பியும் வீழ்படிவு கரையாவிட்டால் "கரையவில்லை" என்று உடனே எழுதிவிடாதீர்கள். புதிய குழாயில் குறைந்த அளவு எடுத்து மறுபடி செய்யுங்கள். அப்போதும் கரையாமல் நின்றால் மட்டுமே அது அலுமினியத்திற்குச் சான்று.

சிங்கப்பூர் ஓ நிலை வேதியியல் செய்முறைத் தாளில் அயனிச் சோதனைகளின் குறிப்புகள் அச்சிட்டே தரப்படுகின்றன. எந்த அயனி என்ன நிறம் தரும் என்பதை மனனம் செய்தீர்களா என்று அந்தத் தாள் சோதிப்பதில்லை. உங்கள் குழாயில் நடந்ததைச் செய்த வரிசையில், நிறத்தோடும் அளவோடும் எழுதுகிறீர்களா என்பதையே சோதிக்கிறது. அடுத்த பயிற்சியில் உங்கள் விடையை மேலே உள்ள 8 புள்ளிகளோடு ஒப்பிட்டு, நீங்களே திருத்திப் பாருங்கள்.