பேனருக்கு எத்தனை டிபிஐ? பார்ப்பவர் நிற்கும் தூரத்தைச் சொல்லுங்கள்

திருமுருகன்பூண்டி ஐகேஎஃப் வளாகத்தில் பின்னலாடைக் கண்காட்சி நெருங்கினால், திருப்பூர் டிசைன் சென்டர்களில் ராத்திரியும் கம்ப்யூட்டர் அணையாது. ஒரே டீ-ஷர்ட் படம் அவிநாசி ரோட்டு ஹோர்டிங்குக்கும் போக வேண்டும், ஸ்டாலின் பின்சுவருக்கும் போக வேண்டும், பையர் கையில் கொடுக்கும் நோட்டீஸுக்கும் போக வேண்டும். மூன்றையும் குழப்பும் சில நம்பிக்கைகள் ஊரில் வேரூன்றி இருக்கின்றன.

நம்பிக்கை: பேனர் பெரிசு, அதனால் படம் 300 டிபிஐயில் இருந்தே தீர வேண்டும்.

"ஏனுங்க, இருபதுக்குப் பத்து பேனருங்க. ஃபைல் 300 டிபிஐல குடுத்துருங்க." இதைக் கேட்பவர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 அடி என்பது 240 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்றால் அகலம் 72,000, உயரம் 36,000. JPEG ஃபைல் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்ஸலுக்கு மேல் தாங்காது. PSD 30,000 பிக்ஸலோடு நின்றுவிடும். PSB ஆகச் சேமித்தாலும், நான்கு நிறக் கணக்கில் சுருக்காத படம் பத்து ஜிபியைத் தாண்டும். இத்தனையும் யாருடைய கண்ணுக்கும் தெரியாத நுணுக்கத்துக்காக.

300 என்பது கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்கான எண். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். கண் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை 1862இல் ஸ்னெல்லன் உருவாக்கியது இந்த அளவை வைத்துத்தான். 6/6 வரியில் எழுத்தின் கோட்டுத் தடிமன் அவ்வளவே. அதே கோணத்தை ஓரடி தூரத்தில் அளந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 286 புள்ளிகள் வரும். தூரம் இரண்டு அடியானால் அதில் பாதி போதும், பத்து அடியானால் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 300ஐ, பார்ப்பவர் நிற்கும் தூரத்தின் அடிக்கணக்கால் வகுத்துக்கொள்ளுங்கள். ரோட்டோர ஹோர்டிங்கை 40 அடிக்கு அப்பாலிருந்து பார்க்கிறார்கள் என்றால் அங்குலத்துக்கு 7 அல்லது 8 பிக்ஸலே கண்ணின் எல்லை. 24 மெகாபிக்ஸல் கேமராவின் படம் 6000-க்கு 4000 பிக்ஸல். அதை 20 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 25 வரும், தேவையைப் போல் மூன்று மடங்கு. ஆப்பிள் நிறுவனம் 2015இல் உலக நகரங்களில் ராட்சத ஹோர்டிங்குகளாக வைத்த ஐபோன் 6 படங்கள் 8 மெகாபிக்ஸல் போன் கேமராவில் எடுத்தவைதான்.

நம்பிக்கை: பேனர்தானே, எந்தப் படமும் போதும்.

முதல் நம்பிக்கையை விட்டவர்கள் நேராக வந்து விழுவது இதில்தான். திருப்பூரில் அதிகம் சேதம் செய்வதும் இதுவே என்பேன். காரணம், இங்கே பெரிய பிரிண்டுகளில் நிறைய, ரோட்டில் நிற்பதில்லை. ஸ்டாலுக்குள் நிற்கின்றன.

பத்துக்கு எட்டு அடி பின்சுவரை எடுத்துக்கொள்வோம். பையர் அதன் முன்னால் நாலடியில் நின்று பேசுகிறார். 300ஐ நாலால் வகுத்தால் 75 பிக்ஸல் தேவை. அதே 24 மெகாபிக்ஸல் படத்தை அந்தச் சுவரின் வடிவத்துக்கு வெட்டினால் 5000-க்கு 4000 மிஞ்சும். பத்து அடிக்கு விரித்தால் அங்குலத்துக்கு 42தான். ஹோர்டிங்கில் மூன்று மடங்கு மீந்த படம், அதில் பாதி அகலமுள்ள சுவரில் பற்றாமல் போகிறது. படம் கட்டம் கட்டமாக உடையாது, ஆனால் துணி மெழுகு பூசினாற்போல் வழவழவென்று தெரியும். ரிப்பா சிங்கிள் ஜெர்சியா என்று சொல்ல முடியாது. துணி விற்க வந்தவர் காட்ட வேண்டியதே அதுதான்.

இதற்கு வழி படத்தைச் சுவர் முழுக்க இழுக்காமல் இருப்பது. ஐந்து அடி அகலத்துக்கு மட்டும் வைத்தால் 83 பிக்ஸல் கிடைத்துவிடும். மிச்ச இடத்தைத் தனி நிறமும் எழுத்தும் நிரப்பட்டும். எழுத்தும் லோகோவும் மட்டும் கோரல்டிராவில் வரைந்த வெக்டராகவே போக வேண்டும். கோட்டின் ஓரத்தில் உள்ள சின்ன நெளிவைக் கண், மேலே சொன்ன எல்லையையும் தாண்டிப் பிடித்துவிடும். வகுத்தல் கணக்கு எழுத்துக்குச் செல்லாது.

வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை இங்கே தொடவே வேண்டாம். சாதாரணத் தரத்தில் அது நீளப் பக்கத்தை 1600 பிக்ஸல் அளவுக்குக் குறைத்துவிடும். பத்து அடியில் விரித்தால் அங்குலத்துக்கு 13. அனுப்புகிறவரிடம் "Document ஆகப் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: பிட் நோட்டீஸ் சின்னது, அதில் என்ன தெரியப்போகிறது.

உண்மையில் கண் மிக அருகில் வருவது இங்கேதான். ஆஃப்செட்டில் அச்சாகும் ஏ5 தாளுக்கு, மொத்தம் 1748-க்கு 2480 பிக்ஸல் இருந்தாலே 300 நிறைவேறும். அது நாலரை மெகாபிக்ஸல்கூட இல்லை. பிக்ஸல் பஞ்சம் இங்கே அபூர்வம். வருகிற தொல்லை வேறு.

28 அங்குல நீள டீ-ஷர்ட்டை நோட்டீஸில் 4 அங்குலமாகக் காட்டினால் துணி ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அங்குலத்துக்கு 17 வரிகள் உள்ள ரிப் துணி, தாளில் அங்குலத்துக்கு 119 வரிகளாகிவிடும். ஆஃப்செட்டின் புள்ளித் திரையோ பொதுவாக 150 அல்லது 175 கோடுகள். இரண்டு வரிசைகளும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வருவதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, சட்டையில் இல்லாத அலைஅலையான பட்டைகளைக் கிளப்பும். மோரே என்று அச்சகத்தில் சொல்வது இதைத்தான். பையர் அதை நிட்டிங் கோளாறு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 6000 பிக்ஸல் படத்தை அப்படியே செருகினால் இது தீராது. முதலில் 300க்குக் குறைத்து, பிறகு லேசாகக் கூர்மை ஏற்றி, ரிப் பகுதியில் அலை தெரிகிறதா என்று புரூஃபில் பார்க்க வேண்டும். தெரிந்தால் சட்டையின் அளவைச் சற்று மாற்றிப் பாருங்கள்.

துணியைக் காட்டத் தனியாக ஒரு சின்னச் சதுரம் ஒதுக்குங்கள். துணியை அருகில் வைத்துப் படமெடுத்து, உண்மை அளவிலேயே அச்சிடுங்கள். அங்குலத்துக்கு 35 கண்ணிகள் உள்ள ஜெர்சியில், 300 டிபிஐ என்றால் ஒரு கண்ணிக்கு எட்டுப் பிக்ஸலுக்கு மேல் கிடைக்கும். பின்னல் கண்ணுக்குத் தெளிவாக வரும்.

நம்பிக்கை: 72 என்று இருப்பதை 300 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஃபோட்டோஷாப்பின் Image Size பெட்டியில் Resample டிக் இல்லாமல் எண்ணை மாற்றினால் ஒரு பிக்ஸலும் கூடாது, அச்சளவு மட்டும் சுருங்கும். டிக் போட்டு மாற்றினால் பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்து நிரப்பும். இல்லாத இழை அதில் பிறக்காது. "எங்க மெஷின் 720 டிபிஐ" என்று ஃபிளக்ஸ் கடையில் சொல்வது மைத்துளிகளின் கணக்கு. உங்கள் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்தில் ஒரு பங்கு அளவில் 300 என்று கொடுத்த ஃபைல், முழு அளவில் 30தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரிண்டுக்குப் போகும் முன் கணினியிலேயே சோதிக்கலாம். சாதாரண மானிட்டரில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 96 புள்ளி. 25 பிக்ஸல் ஹோர்டிங் ஃபைலை 400 சதவீதத்தில் திறந்தால் அச்சாகப்போகும் அளவிலேயே தெரியும். மூக்கருகே பார்த்தால் கட்டங்கள் பயமுறுத்தும். எழுந்து அறையின் கடைசிவரை நடந்து போய்ப் பாருங்கள். ஸ்டால் சுவருக்கு இன்னும் நம்பகமான வழி உண்டு. ரிப் துணி வரும் பகுதியிலிருந்து ஒரு சதுர அடியை மட்டும் வெட்டி, அதே மெட்டீரியலில், முழு அளவில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு சதுர அடிக்கான காசுதான் ஆகும். அதைச் சுவரில் ஒட்டி, பையர் நிற்கும் நாலடியில் நின்று, கையில் உண்மைத் துணியை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.